எடிட்டருக்குத் தரும் பிரீஃப்: தலைப்பு, தம்ப்நெயில், சாப்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தலைப்பு, தம்ப்நெயில் எல்லாம் நீங்களே பார்த்து நல்லா வெச்சிடுங்க" என்று ஒரு ஃப்ரீலான்ஸ் எடிட்டருக்கு எழுதி அனுப்பினால் அது பிரீஃப் ஆகாது. சிங்கப்பூரில் இருந்து தமிழ்ச் சேனல் நடத்துபவரின் எடிட்டர் சென்னையில் இருக்கலாம், ஜொகூரில் இருக்கலாம், தமிழ் படிக்கத் தெரியாத உள்ளூர்க்காரராகவும் இருக்கலாம். மூவருமே படத்தை அழகாக வெட்டித் தருவார்கள். ஆனால் வீடியோ எதை உறுதி சொல்கிறது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் சேனல்காரர்தான். அந்தச் சொற்களை அவர் எழுத்தில் தர வேண்டும். குரல் செய்தியாகவோ ஸ்கிரீன்ஷாட்டாகவோ அனுப்பினால் எடிட்டர் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்வார், ஒற்றெழுத்து எங்காவது விழுந்துவிடும். நகல் எடுத்து ஒட்டக்கூடிய யூனிகோடு எழுத்தாக, ஒரே கோப்பில் கொடுங்கள்.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். தேக்கா சந்தையில் கொடுவா மீன் வாங்கும்போது அது புதிதா என்று கண்டுபிடிப்பதைப் பற்றி ஒன்பது நிமிட வீடியோ. கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை எழும்புகிறதா என்று மூன்று அடையாளங்கள்.

முதல் முயற்சியில் தலைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "சிங்கப்பூரில் தேக்கா ஈரச்சந்தைக்குப் போய் மீன் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க மூன்று வழிகள்". ஃபோனில் தலைப்பின் வால் வெட்டுப்படும். இங்கே "மீன்" என்ற சொல்லே ஐந்தாவதாகத்தான் வருகிறது. இன்னொரு சிக்கல், யூடியூப் தலைப்புக்குத் தரும் 100 எழுத்து வரம்பு நாம் எண்ணும் எழுத்துக்கணக்கு இல்லை. புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். "தேக்கா" நமக்கு மூன்றெழுத்து, அங்கே ஆறு. மேலே உள்ள தலைப்பு இந்தக் கணக்கில் 89-ஐத் தொட்டுவிடுகிறது. கடைசியில் சேனல் பெயரையும் சேர்க்கச் சொல்லியிருந்தால் இடம் போதாமல் எடிட்டர் தன் விருப்பத்துக்கு ஏதாவது ஒரு சொல்லை எடுத்துவிடுவார்.

"மீன் புதிதா? தேக்காவில் வாங்குமுன் பார்க்க 3 அடையாளங்கள்" என்று மாற்றினால் 56-இல் முடிகிறது. பார்ப்பவருக்கு வேண்டிய இரண்டு சொற்கள் முன்னால் நிற்கின்றன, வால் வெட்டுப்பட்டாலும் விஷயம் புரியும். "3 இடங்கள்" என்று எழுதியிருந்தால் மூன்று கடைகளைச் சொல்வதாக நினைத்து உள்ளே வந்தவர் அரை நிமிடத்தில் வெளியேறிவிடுவார். எண் வரும் தலைப்பு என்றால் பிரீஃபில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: "எடிட்டில் மூன்றில் ஏதாவது ஒன்றை எடுக்க நேர்ந்தால் என்னிடம் சொல்லவும், தலைப்பு மாற வேண்டும்." நீளம் குறைக்கச் சொன்னதற்காக எடிட்டர் ஒரு பகுதியைத் தூக்கிவிடுவது சாதாரணமாக நடப்பது. அதன் பிறகு தலைப்பு பொய்யாகிவிடும்.

தம்ப்நெயிலில் அதிகம் நடக்கும் தவறு, தலைப்பையே அதிலும் எழுதச் சொல்வது. இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாகத்தான் தெரியும். ஒன்றையே இரண்டு முறை படிக்க வைத்தால் படத்தில் இருந்த இடம் வீண். சிவந்த செவுளும் பழுப்பேறிய செவுளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் படம், மேலே "எது புதுசு?" என்ற இரண்டே சொற்கள். கேள்வியைப் படம் கேட்கட்டும், விடை எங்கே என்பதைத் தலைப்பு சொல்லட்டும். "புதுசு" என்பதற்குப் பக்கத்தில் "பேச்சு வழக்கு, திருத்த வேண்டாம்" என்று குறித்துவிடுங்கள். அக்கறையுள்ள எடிட்டர்தான் அதை "புதிது" ஆக்கிவிடுவார்.

எழுத்து எங்கே நிற்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். கீழ் வலது மூலையில் வீடியோவின் நீளத்தைக் காட்டும் கறுப்புப் பெட்டி வந்து உட்காரும், அங்கே எழுதியது மறைந்துவிடும். வரி எங்கே மடிய வேண்டும் என்பதை நீங்களே மடித்துக் கொடுங்கள். தமிழ் படிக்காத எடிட்டர் "அடையா / ளங்கள்" என்று நடுவில் உடைத்தால் அது தவறு என்றே அவருக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய ஆபத்து எழுத்துரு. ஃபோட்டோஷாப்பில் தமிழுக்கான அமைப்பு இல்லாவிட்டால் "தே" என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் ஒட்டிக்கொள்ளும், புள்ளிகள் நகர்ந்து நிற்கும். பத்தி அமைப்புப் பட்டியலில் `World-Ready Layout` என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவைப் பயன்படுத்துபவரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் அடித்ததைத் தலைப்புப் பெட்டியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்ற யூனிகோடு எழுத்துருவின் பெயரை பிரீஃபிலேயே எழுதி, வேலை தொடங்கும் முன் "தேக்கா, கொடுவா, மீனை" என்ற மூன்று சொற்களை அடித்துப் படமாக அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. கொம்பும் புள்ளியும் சரியாக இருக்கின்றனவா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

சாப்டர் விஷயத்தில் பிரீஃபில் நேரத்தை எழுதுவதே தவறு. கச்சா வெட்டைப் பார்த்து நேரம் குறித்துக் கொடுப்பீர்கள். பிறகு எடிட்டர் முன்னால் 14 விநாடி டீசர் சேர்ப்பார், அத்தனை சாப்டரும் 14 விநாடி தள்ளிப்போகும். "செவுள்" என்று தொட்டவர் கண்ணைப் பற்றிய பேச்சின் கடைசி வரியில் போய் விழுவார். அதனால் பெயரையும், அந்தப் பகுதியில் பேசும் முதல் வாக்கியத்தையும் மட்டும் கொடுங்கள்:

```
செவுளின் நிறம்
தொடக்கம்: "இப்ப செவுளைத் தூக்கிப் பாருங்க"
```

இறுதிக் கோப்பு ஏற்றுமதியான பிறகு, அந்த வாக்கியம் எங்கே வருகிறதோ அந்த நேரத்தை எடிட்டர் நிரப்பித் தரட்டும். விவரப் பகுதியில் ஒட்ட வேண்டிய வடிவம் இது:

```
0:00 எந்த மீன், எந்தக் கடை
1:02 கண் தெளிவு
2:29 செவுளின் நிறம்
4:16 அழுத்திப் பார்ப்பது
5:54 வெட்டித் தரச் சொல்வது
```

முதல் வரி 0:00 ஆக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று வரிகள் ஏறுவரிசையில் வேண்டும், எந்தப் பகுதியும் 10 விநாடிக்குக் குறையக் கூடாது. ஒன்று தவறினாலும் மொத்தப் பட்டியலும் சாப்டராக மாறாது, நேரங்கள் வெறும் இணைப்புகளாக நிற்கும். டீசர் ஏழெட்டு விநாடிதான் என்றால் அதற்குத் தனி வரி போட்டு மாட்டிக்கொள்ளாமல் முதல் சாப்டருடன் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

பெயர்களில் "அறிமுகம்", "பகுதி 2" போன்றவை வேண்டாம். ஓட்டப்பட்டையில் இழுத்துத் தேடுபவருக்கு அவை எதையும் சொல்வதில்லை. ஃபோனில் பெயருக்குக் கிடைக்கும் இடமும் குறைவு, இரண்டு மூன்று சொல்லில் முடியுங்கள். தலைப்பில் 3 என்று போட்டிருப்பதால் கண், செவுள், அழுத்தம் என்ற மூன்றும் பட்டியலில் தனித்தனியாக இருக்கின்றனவா என்றும் எண்ணிப் பாருங்கள்.

வீடியோவைப் பொதுவில் வெளியிடும் முன் இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும் நிலையில் ஏற்றச் சொல்லி, ஃபோனில் திறந்து ஒவ்வொரு சாப்டரையும் தொட்டுக் கேளுங்கள். நீங்கள் கொடுத்த முதல் வாக்கியம் காதில் விழாத இடத்தில் நேரம் தவறு.