வில்லுப்பாட்டை யூடியூப் சேனலுக்குக் கொடுக்கிறீர்களா? உரிம ஒப்பந்தத்தை இப்படி எழுதுங்கள்

கோயில் கொடை நடக்கிற ஊர்களில் இப்போது வில்லுப்பாட்டு மேடைக்கு எதிரே கேமராவும் நிற்கிறது. குழு நல்ல குழு என்றால் சேனல்காரர் தேடி வந்து ஒரு தாளை நீட்டுவார். அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும், எந்த வரி ஆபத்து என்பதை ஒரு கற்பனைக் கணக்கை வைத்துப் பார்ப்போம்.

களக்காட்டுப் பக்கம் ஒரு பெண் புலவர். தாமிரபரணியைப் பற்றித் தானே எழுதி, தானே மெட்டமைத்த ஒரு கதைப்பாட்டு வைத்திருக்கிறார். பாளையங்கோட்டையில் சேனல் நடத்தும் ஒரு அண்ணாச்சி அதைக் கேட்கிறார்.

படி 1: எது உங்களுடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

சுடலைமாடன் கதை யாருக்கும் தனிச்சொத்து இல்லை. அதை வைத்து நீங்கள் எழுதிய வரிகளும், நீங்கள் போட்ட மெட்டும் உங்களுடையவை. பதிவு செய்யாவிட்டாலும் எழுதியவுடனே காப்புரிமை வந்துவிடும். குடம், உடுக்கை, பக்கப்பாட்டு என்று கூட இருப்பவர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை தனியாக உண்டு. அதனால் ஒலி, ஒளிப்பதிவு செய்யச் சம்மதம் என்று அவர்களிடமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒருவர் கோபித்துக்கொண்டால் வீடியோ முழுவதும் சிக்கலாகும்.

படி 2: உரிமையைத் துண்டு போடுங்கள்

இதுதான் முக்கியமான வேலை. "பாட்டைக் கொடுக்கிறேன்" என்று ஒரே வரியில் எழுதக் கூடாது. நம் புலவர் இப்படிப் பிரிக்கிறார்: யூடியூப் வீடியோ, ஆடியோ ஆப்கள், காலர் ட்யூன், புத்தகம், மேடையில் நேரடியாகப் பாடுவது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கொடுக்கலாம், கொடுக்காமலும் வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தின் கடைசியில் "இங்கே சொல்லாத எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

படி 3: எக்ஸ்க்ளூசிவா, இல்லையா?

நான்-எக்ஸ்க்ளூசிவ் என்றால் அண்ணாச்சிக்கும் கொடுக்கலாம், அடுத்த மாதம் வள்ளியூர் சேனலுக்கும் கொடுக்கலாம். எக்ஸ்க்ளூசிவ் என்றால் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 2(j) இன்னும் ஒரு அடி மேலே போகிறது. எக்ஸ்க்ளூசிவ் உரிமம் உரிமையாளரையும் வெளியே தள்ளிவிடும். மேடைப் பாட்டையும் சேர்த்து எக்ஸ்க்ளூசிவாக எழுதிக்கொடுத்தால், அடுத்த கொடையில் தன் சொந்தப் பாட்டைப் பாட நம் புலவர் அண்ணாச்சியிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டிவரும்.

இதில் சேனல்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வேறு யாராவது வீடியோவைத் திருடிப் போட்டால், எக்ஸ்க்ளூசிவ் உரிமம் வாங்கியவர் தாமே வழக்குப் போடலாம். சாதாரணமாக எழுதியவரையும் வழக்கில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். நான்-எக்ஸ்க்ளூசிவ் வாங்கியவருக்கு அந்த வசதி பொதுவாக இல்லை. அதனால் பணம் போடுகிறவர் எக்ஸ்க்ளூசிவ் கேட்பார்.

நம் புலவர் இப்படிப் பேசி முடிக்கிறார்: "யூடியூப் வீடியோ மட்டும் எக்ஸ்க்ளூசிவ் அண்ணாச்சி, மூணு வருஷத்துக்கு. ஆடியோவும் காலர் ட்யூனும் நான்-எக்ஸ்க்ளூசிவ். மேடையும் புத்தகமும் எனக்கு." அண்ணாச்சி கொஞ்சம் முகம் சுளிப்பார், ஆனால் ஒத்துக்கொள்வார். அவருக்கு வேண்டியது வீடியோதான்.

படி 4: காலம், இடம்

உரிமத்தை எழுத்தில்தான் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். காலம் எழுதாமல் விட்டால் 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளப்படும். இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். சேனல்காரர் தரும் தாளில் இந்த இடத்தில் "உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று இருக்கும், கவனியுங்கள்.

இன்னொன்று பலர் கண்ணில் படாது. வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்கிறது பிரிவு 19(4). ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் மட்டும் அப்படி ஆகாது. அதனால்தான் அச்சடித்த தாள்களில் "பிரிவு 19(4) பொருந்தாது" என்று ஓர் ஓரமாக இருக்கும். எக்ஸ்க்ளூசிவ் கொடுக்கிறவர் அந்த வரியை நீக்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வீடியோவை ஏற்றாமலே உங்களைக் கட்டிப்போடலாம்.

படி 5: ராயல்டி

சதவீதத்தைப் பற்றித்தான் எல்லாரும் சண்டை போடுவார்கள். எந்தத் தொகையில் சதவீதம் என்பதை யாரும் கேட்பதில்லை. நம் கணக்கில் முன்பணம் 15,000 ரூபாய், ராயல்டி பாதி. ஆறு மாதத்தில் யூடியூபிலிருந்து அண்ணாச்சியின் வங்கிக் கணக்குக்கு 80,000 வந்தது. ஒப்பந்தத்தில் "வங்கிக்கு வந்த தொகையில் பாதி" என்று இருந்தால் புலவர் பங்கு 40,000. முன்பணத்தைக் கழித்து 25,000 கைக்கு வரும்.

அதே இடத்தில் "நிகர லாபத்தில் பாதி" என்று இருந்தால் கேமரா வாடகை, எடிட்டிங், ஆபீஸ் வாடகை என்று 60,000 செலவு காட்டலாம். மிச்சம் 20,000, அதில் பாதி 10,000. முன்பணம் 15,000 இன்னும் தீரவில்லை என்பதால் கைக்கு ஒரு பைசாவும் வராது, 5,000 அடுத்த கணக்குக்குப் போகும். சதவீதம் இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே கணக்கு வங்கி வரவில் இருக்கட்டும். கழிக்கலாம் என்றால் எதையெதைக் கழிக்கலாம் என்று பட்டியல் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருமான அறிக்கையின் ஸ்கிரீன்ஷாட், கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை, இந்த இரண்டும் எழுத்தில் வேண்டும். முன்பணம் திரும்பக் கேட்கப்படாது என்பதையும் சேருங்கள்.

படி 6: சப்-லைசென்ஸ்

அண்ணாச்சி தமக்குக் கிடைத்த உரிமத்தை இன்னொருவருக்குக் கொடுப்பது இது. எழுதாமல் விட்டால் கொடுக்க முடியாது என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் எக்ஸ்க்ளூசிவுக்குச் சட்டம் தரும் விளக்கத்திலேயே "உரிமம் பெற்றவரும் அவர் அனுமதித்தவர்களும்" என்று வருகிறது. அதைக் காட்டி வாதாட இடம் உண்டு. வெளிப்படையாக எழுதிவிடுவதே நல்லது.

நம் ஒப்பந்தத்தின் வாசகம்:

"காலர் ட்யூனுக்கு மட்டும் சப்-லைசென்ஸ் கொடுக்கலாம். ஒவ்வொரு முறையும் எழுதியவரின் எழுத்துச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். வாங்குபவர் அதை மேலும் ஒருவருக்குக் கொடுக்கக் கூடாது. வரும் தொகையில் 60 சதவீதம் எழுதியவருக்கு. மூல உரிமம் முடியும் அன்றே சப்-லைசென்ஸும் முடியும்."

அண்ணாச்சிக்கு இதில் வேலை குறைவு, அதனால்தான் 60 சதவீதம். காலர் ட்யூன் கம்பெனி 40,000 கொடுத்தால் புலவருக்கு 24,000. இங்கே நடக்கிற ஒரு தந்திரம் இது: முதலில் மச்சினன் பெயரில் உள்ள கம்பெனிக்கு 4,000 ரூபாய்க்குக் கொடுப்பார்கள், மச்சினன் காலர் ட்யூன் கம்பெனிக்கு 40,000க்கு விற்பார். புலவர் கையில் 2,400தான் வரும். "சொந்தக்காரர், கூட்டாளி, அவர்கள் நடத்தும் நிறுவனம் வழியாகப் போனால் கடைசியாக வெளியாளிடமிருந்து வந்த தொகையில்தான் கணக்கு" என்று ஒரு வரி போட்டால் இது அடைபடும்.

படி 7: முறித்துக்கொள்ளும் வழி

பணம் வரவில்லை என்றால் 30 நாள் நோட்டீஸ், அதற்குப் பிறகும் வராவிட்டால் உரிமம் ரத்து. ரத்தானால் எத்தனை நாளில் வீடியோவை இறக்க வேண்டும் என்றும் எழுதுங்கள், 7 நாள் போதும். அதுவரை அந்த வீடியோவில் வரும் பணத்துக்கும் பழைய பங்கே பொருந்தும் என்பதையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு பிரதி எடுத்து, இரண்டிலும் பக்கத்துக்குப் பக்கம் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.