‘கொஞ்சம் கலர் ஏத்திக் கொடுங்க’: தோற்றத் திருத்தம் பற்றிப் பாடம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பாடத்தை முதல்முறை எடுத்தபோது, விளம்பர மாடல் ஒருவரின் படத்தைத் திருத்துவதற்கு முன், திருத்திய பின் என்று இரண்டாகத் திரையில் போட்டேன். “எங்கெல்லாம் மாத்தியிருக்காங்க, கண்டுபிடிங்க” என்றதும் வகுப்பு களைகட்டிவிட்டது. இடுப்பு, கன்னம், கழுத்து என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். பாடம் பிரமாதமாகப் போனது என்று நினைத்துக்கொண்டே பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்வரிசை மாணவி ஒருத்தி பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: “மிஸ், அது எந்த ஆப்ல பண்ணது?”

அவள்மேல் தப்பில்லை. நாற்பது நிமிடம் ஒரு மெலிந்த இடுப்பையே உற்றுப் பார்க்க வைத்தது நான்தான்.

‘போலியைக் கண்டுபிடி’ விளையாட்டு

இந்தப் பாடத்தில் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு இது. ‘இது திருத்திய படம் என்று தெரிந்துவிட்டால் பிள்ளை அதோடு தன்னை ஒப்பிட மாட்டாள்’ என்று நாம் கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கு சரிப்பட்டு வருவதில்லை. பிரான்சில் 2017 முதல், மாடலின் உடலமைப்பை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படங்களில் ‘திருத்தப்பட்ட படம்’ என்று அச்சிட வேண்டும். நார்வேயிலும் 2022 ஜூலை முதல் இதே போன்ற சட்டம் இருக்கிறது. ஆனால் ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட குறிப்புகளைப் பல முறை சோதித்துப் பார்த்தபோது, அவற்றால் உடல்மீதான மனக்குறை குறையவில்லை. பார்வை எங்கே போகிறது என்பதையும் கருவி வைத்து அளந்தார்கள். எந்த உறுப்பைத் திருத்தினார்கள் என்று குறிப்பு சொன்னதோ, கண் அந்த உறுப்புக்கே போனது. என் வகுப்பில் நடந்ததும் அதுதான்.

நெதர்லாந்தில் 14 முதல் 18 வயது வரையிலான 144 பெண்களை வைத்துச் செய்து 2018-இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது. படத்தில் ஃபில்டர் போட்டிருப்பதை அவர்கள் எளிதாகக் கண்டுகொண்டார்கள். உடலைச் செதுக்கியிருப்பதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. அந்தப் படங்களைப் பார்த்தபின் தங்கள் உடலைப் பற்றி நினைத்ததும் தாழ்ந்தது. மற்றவர்களோடு தன்னை ஒப்பிடும் பழக்கம் உள்ள பெண்களிடம் அது கூடுதலாக இருந்தது.

ஆகவே நடிகை, மாடல் படங்களை மொத்தமாக எடுத்துவிட்டேன். அவை இல்லாமலே பாடம் நடக்கிறது.

மாணவர் முகத்தைத் திரையில் போடுவது

மாடல் வேண்டாம் என்றதும் அடுத்துத் தோன்றுவது, ‘நம்ம பசங்க படத்தையே திருத்திக் காட்டலாமே’ என்பது. அதையும் செய்து கெட்டிருக்கிறேன். ஒரு பையன் தானாக முன்வந்தான். வெளிச்சத்தைக் கூட்டும் பட்டையை வலப்பக்கம் நகர்த்தியதுமே ஒரு குரல்: “இப்பதான்டா மனுஷனா தெரியுற!” எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். வருடக் கடைசியில் வகுப்புப் படம் எடுத்த அன்று அவன் லீவு.

இப்போது என் படத்தைத்தான் பயன்படுத்துகிறேன். நாற்பத்தைந்து வயது முகம், அதைப் பற்றி யார் என்ன சொன்னாலும் தாங்கும்.

திருத்தத்திலிருந்து பாடத்தைத் தொடங்குவது

‘எடுத்த படம் உண்மை, திருத்தியது பொய்’ என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் வருகிறார்கள். முதல் பீரியட் அதைக் கொஞ்சம் ஆட்டிப் பார்ப்பதற்கு. அதற்குத் தேவை ஒரே ஒரு போன், ஆசிரியருடையது.

என் முகத்தை ஒரு மாணவி இரண்டு தடவை எடுப்பாள். ஒன்று 30 சென்டிமீட்டர் தூரத்தில், செல்ஃபி எடுப்பது போல. இன்னொன்று 1.5 மீட்டர் தள்ளி நின்று. ஃபில்டர், அழகூட்டும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். சில போன்களில் அது வாங்கும்போதே இயங்கிக்கொண்டிருக்கும், அமைப்புகளில் தேடிப் பார்த்து அணையுங்கள். இரண்டு படத்திலும் முகத்தின் அகலம் ஒன்றாக வரும்படி வெட்டி, அச்செடுத்து, ஸ்கேலை நீட்டுவேன்.

போன வருடம் இரண்டிலும் முகம் 14 சென்டிமீட்டர். மூக்கின் அகலம் தூரப் படத்தில் 3.7, கிட்டப் படத்தில் 4.4. அதே மூக்கு, அதே நிமிடம், ஏறக்குறைய 19 சதவீதம் அகலம் கூடிவிட்டது. காரணம் எளிது. மூக்கைவிடக் கன்ன எலும்பு சில சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. கேமரா 30 சென்டிமீட்டரில் இருக்கும்போது அந்தச் சில சென்டிமீட்டர் பெரிய வித்தியாசம், 1.5 மீட்டரில் ஒன்றுமே இல்லை. அமெரிக்க மருத்துவர்கள் 2018-இல் இதைக் கணக்கிட்டு, செல்ஃபி தூரத்தில் மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று எழுதினார்கள். வகுப்பில் அளந்தால் அவ்வளவு வராமல் போகலாம், மூக்கின் ஓரம் எது என்பதிலேயே சண்டை வரும். வரட்டும். கூடியதா குறைந்ததா என்பதுதான் நமக்கு வேண்டும், அது ஒவ்வொரு தடவையும் கூடும்.

“அப்ப என் மூக்கு இவ்வளவு பெருசு இல்லையா மிஸ்?” என்று யாராவது கேட்டே தீர்வார்கள். செல்ஃபியில் பார்த்த மூக்கைச் சரிசெய்ய ஒரு ஆப் என்பது, லென்ஸ் செய்த மாற்றத்தின்மேல் செய்யும் இன்னொரு மாற்றம் என்று அப்போது சொன்னால் தலையில் ஏறும்.

நேர்மையைக் கருவியை வைத்து அளப்பது

இரண்டாவது பீரியடில்தான் பெரிய தவறு நடக்கும். ‘ஃபில்டர் கூடாது’ என்று கோடு போட்டுவிடுவோம். அடுத்த கணமே ஒருத்தன் எழுந்து, “அப்ப வெளிச்சம் கூட்டக் கூடாதா?” என்பான். நம்மிடம் பதில் இருக்காது.

இதற்காகத் தெரிந்த ஸ்டுடியோ ஒன்றில் என் படத்தை நான்கு படியாகத் திருத்தி வாங்கி வைத்திருக்கிறேன். முதல் படியில் வெளிச்சம் மட்டும் சரி செய்தது. இரண்டாவதில் தாடையிலிருந்த பருவும் கன்னத்து மச்சமும் போயிருக்கும். மூன்றாவதில் ‘கலர் ஏத்தியது’. நான்காவதில் தாடையை ஒடுக்கியது. நான்கையும் சுவரில் ஒட்டி, மூன்று இடங்களைச் சொல்வேன்: பள்ளி அடையாள அட்டை, அக்கா கல்யாண ஆல்பம், முகப்பரு க்ரீம் விளம்பரம். ஒவ்வொன்றுக்கும் எந்தப் படிவரை போகலாம் என்று குழுவாகப் பேசி முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது படியில்தான் விவாதம் சூடுபிடிக்கும். கல்யாண ஆல்பத்தில் பருவை எடுத்தால் யாருக்கும் நட்டமில்லை என்று ஏகமனதாகச் சொல்வார்கள். அதே பருவைக் க்ரீம் விளம்பரத்தில் எடுத்தால்? போன தடவை கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஒருத்தி, “க்ரீம் செய்யாததை கம்ப்யூட்டர் செஞ்சிருக்கு, அது மோசடி மிஸ்” என்றாள். அடையாள அட்டைக்கு வந்தபோது, பரு ஒரு வாரத்தில் போய்விடும், மச்சம் போகாது என்று ஒரு குழு பிரித்தது. “டி.சி.யில அங்க அடையாளம்னு அந்த மச்சத்தைத்தானே எழுதுவாங்க” என்றான் ஒருவன். நான் யோசிக்காத விஷயம் அது.

திருத்தம் ஒன்றேதான். பார்க்கிறவர் எதை நம்பிப் பார்க்கிறார் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. அதை அவர்களே கண்டுபிடித்த பிறகு, ‘ஃபில்டர் நல்லதா கெட்டதா’ என்ற கேள்வி தானாக விழுந்துவிடுகிறது.

‘வெளிச்சம்தானே’ என்று நிறத்தைக் கடந்துபோவது

நம் ஊரில் இந்தப் பாடத்தின் உயிர் மூன்றாவது படியில் இருக்கிறது. மஞ்சள் நீராட்டு விழா ஃப்ளெக்ஸைப் பாருங்கள். முகம் ஒரு நிறம், தோளில் கிடக்கும் கை வேறு நிறம். கேட்டால் ‘லைட்டிங் சரி செஞ்சோம்’ என்பார்கள். வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்காமல் விட்டால் பாடம் பாதிதான்.

சோதனை சுலபம். முகத்தைப் பார்க்காதே, சட்டையைப் பார். சட்டை, சுவர், முடி எல்லாம் முகத்தோடு சேர்ந்து வெளுத்திருந்தால் வெளிச்சம் கூடியிருக்கிறது. சட்டையும் சுவரும் அப்படியே இருந்து முகம் மட்டும் வெளுத்திருந்தால் ஆளின் தோலை மாற்றியிருக்கிறார்கள். கழுத்தும் காது மடலும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும், அவசரத்தில் ஸ்டுடியோக்காரர் அங்கே போக மறந்திருப்பார்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நாமே தப்பாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆவோம். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கும் கறுத்த முகத்தைக் கேமரா உள்ளதைவிடக் கறுப்பாக எடுக்க வாய்ப்பு அதிகம். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் வெளிச்சமானி காட்சி முழுவதையும் சேர்த்து ஒரு நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். சுவர் வெள்ளையாக இருந்தால் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், அதில் முகமும் மாட்டிக்கொள்ளும். அப்படி வந்த படத்தில் வெளிச்சத்தைக் கூட்டுவது நேர்மையான திருத்தம், உள்ளதுக்குத் திரும்பிவருவது. எவ்வளவு கூட்டலாம்? ஆளை ஜன்னலோரம் நிறுத்தி, பக்கத்தில் படத்தை வைத்து, இரண்டும் ஒத்துப்போகும்வரை. என் படத்தின் முதல் படியை இப்படித்தான் பிள்ளைகள் சரிபார்த்தார்கள். நான் படத்தை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஜன்னலருகே நின்றேன்.

கறுப்பாக்குவதும் இதே கணக்கில் வரும். 1994-இல் அமெரிக்காவின் டைம் இதழ், கொலை வழக்கில் கைதான கறுப்பின விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் காவல்துறைப் படத்தைக் கருமையாக்கி அட்டையில் போட்டது. அதே வாரம் நியூஸ்வீக் அதே படத்தை அப்படியே போட்டிருந்ததால், கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்து குட்டு வெளிப்பட்டது. கண்டனம் கிளம்பி, டைம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. நிறத்தை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அது ஆளைப் பற்றி ஒன்றைச் சொல்கிறது என்பதற்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

இன்னும் இரண்டு தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பையன்களை விட்டுவிட்டு இதைப் பெண்பிள்ளைகள் பாடமாக்குவது ஒன்று. தாடியை அடர்த்தியாக்கும், தோளை அகலமாக்கும் ஆப்களை அவர்கள்தான் வைத்திருக்கிறார்கள். கடைசியில் ‘நீங்க எல்லாருமே அழகுதான்’ என்று முடிப்பது இன்னொன்று. அழகைப் பற்றியே பேசாமல் இரண்டு பீரியட் ஓட்டிவிட்டு, கடைசி நிமிடத்தில் அதை மறுபடி நடுவில் வைப்பது எதற்கு?

மதியச் சாப்பாட்டைத் தொடர்ந்து தவிர்க்கிற, எந்தக் குழுப் படத்திலும் நிற்காத, மாஸ்க்கைக் கழற்றவே மாட்டேன் என்கிற பிள்ளை வகுப்பில் இருந்தால், இந்தப் பாடம் அதற்கு மருந்தில்லை. தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், வீட்டாரையும் பள்ளி ஆலோசகரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416, கட்டணம் கிடையாது.

இந்த வருடம் அடையாள அட்டைப் படம் எடுக்க ஸ்டுடியோக்காரர் வந்தபோது, ஒரு மாணவி அவரிடம், “அண்ணா, எனக்குக் கலர் ஏத்த வேண்டாம்” என்றாள். அவர் பாவம், திகைத்துப்போனார். “அது தனியா செய்யறது இல்லம்மா, எல்லாப் படத்துக்கும் ஒரே செட்டிங் ஓடும்” என்றார். அந்த செட்டிங்கை எப்படி நிறுத்துவது என்று இருவரும் சேர்ந்து மடிக்கணினியில் தேட ஆரம்பித்தார்கள். வரிசை அரை மணி நேரம் நின்றது.