ஆள் கேட்டு எழுதும்போது: திறந்த மூலத் திட்ட அழைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சிப் பக்கத்துச் சிறு குளமொன்றின் நீர்மட்டத்தைப் போனில் பதிய ஒரு செயலி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அளவுகோலைப் பார்த்துப் பதிபவர் கமக்காரர் அமைப்பைச் சேர்ந்த ஒருவர். குளக்கட்டில் சிக்னல் இல்லை. ஆகவே பதிவு போனிலேயே தங்கி, அவர் வீடு வந்து சிக்னல் கிடைத்ததும் சேர்வருக்குப் போகவேண்டும். கோட் கிட்ஹப்பில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. இரண்டு பேர் பாதி வேலையை முடித்துவிட்டார்கள், மீதிக்கு ஆள் வேண்டும். அவர்கள் போடும் அழைப்பு பெரும்பாலும் இப்படி வரும்:

> விவசாயிகளுக்கான ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்குத் தொண்டர்கள் தேவை. ஃப்ளட்டர், ஜாங்கோ, டெவொப்ஸ், டிசைன் தெரிந்தவர்கள் தொடர்புகொள்ளவும். ஆர்வமே முக்கியம். நேரம் உங்கள் வசதிப்படி.

இதைப் பார்த்து முதல் நாளே முப்பது பேர் கைதூக்குவார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஒருவர்கூட ஒரு வரி கோட் சேர்த்திருக்கமாட்டார். வந்தவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை, அழைப்பே அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

"தொண்டர்" என்ற சொல்

வன்னியில் இந்தச் சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. தொண்டர் ஆசிரியர்கள் நிரந்தர நியமனம் கேட்டுப் போராடியதைப் பார்த்த ஊர் இது. இங்கே தொண்டராகச் சேர்வது என்றால், பின்னால் ஒரு நியமனம் வரும் என்று காத்திருப்பது என்றும் பலருக்குப் பொருள்படும். "திட்டம்" என்றாலோ தொண்டு நிறுவனம், படிக்காசு, வரவுப் பதிவேடு என்று மனம் போகும். அதனால் மூன்று விடயங்களை முதல் பந்தியிலேயே எழுதிவிடவேண்டும்: பணம் இல்லை, நியமனம் இல்லை, நீங்கள் எழுதும் கோட் உங்கள் பெயரிலேயே பொதுவில் நிற்கும். கம்பஸ் மாணவருக்குக் கடிதம் கொடுக்க முடியுமென்றால் யார் கையொப்பமிடுவார் என்பதையும் சொல்லுங்கள். முடியாதென்றால் அதையும் சொல்லுங்கள். இதை ஒளித்து ஆள் சேர்த்தால் மூன்றாம் வாரம் கேள்வி வரும், நாலாம் வாரம் ஆள் வராது.

திறமைகளின் பட்டியல்

ஃப்ளட்டர், ஜாங்கோ, டெவொப்ஸ், டிசைன் என்று கமா போட்டு எழுதினால், நான்கும் ஒருவருக்கே தெரிந்திருக்கவேண்டுமா, நான்கில் ஒன்று போதுமா என்பது வாசிப்பவருக்குத் தெரியாது. அறிவியல் நகரில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவர் "எனக்கு ஒன்றுதானே தெரியும்" என்று ஒதுங்கிவிடுவார். நான்கும் தெரிந்தவருக்கோ ஏற்கெனவே முழுநேர வேலை இருக்கும். எஞ்சுபவர்கள் எதுவும் தெரியாமல் "ஆர்வமே முக்கியம்" என்ற வரியை மட்டும் நம்பி வருபவர்கள்.

முதலில் வேலையை எழுதுங்கள். அதற்கு என்ன தெரியவேண்டும் என்பது அதிலிருந்தே வந்துவிடும். இந்தச் செயலியிலேயே ஒரு வேலையைப் பார்ப்போம். குளத்து அளவுகோல் அடி, அங்குலத்தில் இருக்கிறது. செயலியில் ஒரே பெட்டி. பத்தடி ஆறங்குலத்தை ஆள் 10.6 என்று பதிகிறார், செயலி அதைத் தசமமாக எடுக்கிறது. உண்மையில் அது 10.5 அடி. இந்தப் பிழை சிறியது, கண்ணில் படாமல் போய்விடும். மழை தொடர்ந்து மறுநாள் பத்தடி பதினொரு அங்குலம் ஆகும்போதுதான் கூத்து. அவர் 10.11 என்று பதிவார். 10.11 என்பது 10.6ஐ விடச் சிறியது. குளம் ஐந்து அங்குலம் ஏறியிருக்க, வரைபடம் ஆறு அங்குலத்துக்குக் கிட்ட இறங்கியதாகக் காட்டும். திருத்தம் எளிது. அடிக்கு ஒரு பெட்டி, அங்குலத்துக்கு ஒரு பெட்டி வைத்து, உள்ளே அங்குலமாக மட்டும் சேமிக்கவேண்டும்:

```dart
int toInches(int feet, int inch) => feet * 12 + inch;
```

`toInches(10, 6)` என்றால் 126, `toInches(10, 11)` என்றால் 131 வரவேண்டும். அங்குலப் பெட்டியில் 12 அல்லது அதற்கு மேல் பதிந்தால் செயலி மறுக்கவேண்டும். இனி அழைப்பில் திறமையை எழுதுவது சுலபம்: "டார்ட்டில் ஒரு ஃபங்ஷனும் அதற்கு டெஸ்ட்டும் எழுதத் தெரிந்தால் போதும். ஜாங்கோ தேவையில்லை." அந்த இரண்டாவது வரியைப் பலர் எழுதுவதே இல்லை. ஒதுங்கி நிற்பவரை உள்ளே கொண்டுவருவது அந்த வரிதான். இந்த இஷ்யூவுக்கு `good first issue` என்ற லேபிளை இட்டு, அதன் இணைப்பை அழைப்பிலேயே கொடுங்கள். லேபிள் மட்டும் போட்டு உள்ளே "அடி அங்குலம் பிழை" என்று ஒரே வரி எழுதி வைப்பது, படலையைத் திறந்துவிட்டு வீட்டுக் கதவைப் பூட்டி வைப்பது மாதிரி. எந்தக் கோப்பு, என்ன வந்தால் சரி என்பது இரண்டும் அதில் இருக்கவேண்டும்.

சிக்னல் வந்ததும் அனுப்பும் பகுதி வேறு மாதிரியான வேலை. பதிவு சேர்வருக்குப் போய்ச் சேர்ந்தபின், "கிடைத்தது" என்ற பதில் போனுக்கு வருமுன் சிக்னல் அறுந்தால், போன் அதையே திரும்ப அனுப்பும். ஒரு வாசிப்பு இரண்டாகிவிடும். இதற்குப் பதிவு உருவாகும்போதே போன் அதற்கு ஒரு யூயூஐடி கொடுக்கவேண்டும், அதே எண் மறுபடி வந்தால் சேர்வர் அதைப் புதிதாகச் சேர்க்கக்கூடாது. இங்கே "ஆர்வம் போதும்" என்று எழுதுவது அநியாயம். இப்படியான ஒன்றை ஏற்கெனவே ஒரு தடவையாவது செய்தவர் வேண்டும் என்று நேராகவே எழுதுங்கள். பிரச்சினையையும் இரண்டு வரியில் விளக்கிவிட்டால், தெரிந்தவர் அதைப் பார்த்தே தன்னை அடையாளம் காண்பார்.

கோட் எழுதாதவர்களை "மொழிபெயர்ப்பாளர் தேவை" என்ற ஒரு வரியோடு முடித்துவிடுவது இன்னொரு தவறு. செயலியில் "மதகு", "கலிங்கு" என்று போட்டால் தமிழ்நாட்டில் சரி. இங்கே துருசு, வான் என்று சொல்லிப் பழகியவர் அந்தத் திரையைப் பார்த்து ஒரு கணம் நிற்பார். ஆகவே தேவைப்படுபவர் ஆங்கிலம் தெரிந்தவர் அல்ல, குளத்துச் சொற்கள் தெரிந்தவர். அப்படியே எழுதவேண்டும்.

"நேரம் உங்கள் வசதிப்படி"

இது மரியாதையாகத் தெரியும். உண்மையில் கணக்குப் போடாததை மறைக்கும் வரி. கணக்கை ஒருதரம் போட்டுப் பாருங்கள். அடி அங்குலத் திருத்தம் உங்களுக்கு இரண்டு மணி வேலை. கோட்டை முதல்முறை பார்ப்பவருக்கு ஐந்து என்று வையுங்கள். அதற்கு முன் கணினியைத் தயார் செய்ய ஐந்து மணி, நீங்கள் திருத்தம் சொல்லி அவர் மாற்றி அனுப்ப இரண்டு மணி. மொத்தம் 12. வாரம் நான்கு மணி என்றால் மூன்று வாரம். நீங்கள் மனதில் வைத்திருந்தது ஒரு பின்னேர வேலை.

தயார்ப்படுத்தும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, பலர் விழுவதும் அங்கேதான். ஃப்ளட்டர், ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோ, எஸ்டிகே எல்லாம் சேர்ந்து பல ஜிபி. முதல்முறை `flutter run` கொடுக்கும்போது கிரேடில் இன்னும் கொஞ்சம் இறக்கும். டேட்டா கார்டில் இருப்பவருக்கு இது நேரம் மட்டுமல்ல, காசும். ஆகவே அழைப்பிலேயே சொல்லுங்கள்: எமுலேட்டர் தேவையில்லை, யூஎஸ்பியில் சொந்தப் போனைப் பொருத்தினால் போதும், பெரிய இறக்கங்களைக் கம்பஸ் வைஃபையில் செய்துகொண்டு வாருங்கள். `flutter doctor` லைசென்ஸ் ஏற்கப்படவில்லை என்று காட்டினால் கொடுக்கவேண்டிய கட்டளையை `CONTRIBUTING.md` கோப்பில் எழுதி வையுங்கள்:

```
flutter doctor --android-licenses
```

உங்கள் நேரத்துக்கும் கணக்கு வேண்டும். நடத்துபவர்கள் இருவர், ஆளுக்கு வாரம் மூன்று மணி என்றால் ஆறு மணி. புதிதாகக் கோட் எழுதும் ஒருவருக்குப் பதில் சொல்லவும் அவர் அனுப்புவதைப் பார்க்கவும் வாரம் ஒன்றரை மணி போகும். நால்வரை எடுத்தால் உங்கள் ஆறு மணியும் தீர்ந்தது, சொந்தமாக ஒரு வரி எழுத நேரமில்லை. முப்பது பேரை எடுத்தால் புல் ரிக்வெஸ்ட்கள் பதிலின்றிக் கிடக்கும். முதல் புல் ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு வாரம் பதில் வராதவர் இரண்டாவதை அனுப்பமாட்டார். எத்தனை பேர் என்ற எண்ணை எழுதுங்கள், நிறைந்ததும் அழைப்பை மூடுங்கள்.

காலமும் இருக்கிறது. காலபோக விதைப்பு தொடங்கியபின் பரிசோதிக்கக் கமக்காரரைத் தேடினால் அவர் வயலில் நிற்பார். மழையோடு குளம் ஏறத் தொடங்குமுன் செயலி கையில் இருக்கவேண்டும். ஒக்டோபரிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அழைப்பு ஜூலை நடுவில் போகவேண்டும். ஆனால் ஓகஸ்டில் சிறு குளங்களில் தண்ணீர் அடியில் கிடக்கும், பெரிய வாசிப்பே வராது. அதனால் பரிசோதகரிடம் பழைய பதிவேட்டிலுள்ள நவம்பர், டிசம்பர் வாசிப்புகளைப் பதியச் சொல்லவேண்டும். இதுவும் அழைப்பில் இருந்தால், வருபவர் குளக்கட்டுக்குத் தினம் போகவேண்டுமோ என்று பயப்படமாட்டார்.

லைசென்ஸ் கோப்பு

`LICENSE` கோப்பு இல்லாமல் கிட்ஹப்பில் திறந்து வைத்தால் அது பார்க்கத் திறந்தது மட்டுமே. பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கும், மற்றவர் எடுத்து மாற்றிப் பரப்ப உரிமை இல்லை. ஆள் கேட்குமுன் எம்ஐடியா ஜிபிஎல்லா என்று முடிவு செய்யுங்கள். பலர் எழுதிச் சேர்த்தபின் மாற்ற, அந்த ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்கவேண்டி வரலாம்.

திருத்திய அழைப்பு

> சிறு குளங்களின் நீர்மட்டத்தைச் சிக்னல் இல்லாத இடத்தில் பதியும் ஆண்ட்ராய்ட் செயலி. பாதி முடிந்தது, லைசென்ஸ் எம்ஐடி. சம்பளமோ நியமனமோ இல்லை. எழுதும் கோட் உங்கள் பெயரில் நிற்கும்.
>
> ஒருவர்: அடி, அங்குலப் பதிவைத் திருத்த. டார்ட் ஃபங்ஷன், டெஸ்ட் எழுதத் தெரிந்தால் போதும். வாரம் 4 மணி, 3 வாரம், தயார்ப்படுத்தும் 5 மணியும் இதற்குள்.
>
> ஒருவர்: சிக்னல் வந்ததும் பதிவை ஒரே தடவை சேர்க்க. எஸ்க்யூலைட்டில் இப்படி ஒன்றை முன்பு செய்தவர். வாரம் 4 மணி, 6 வாரம்.
>
> இருவர்: பழைய பதிவேட்டைப் போனில் பதிந்து பிழை சொல்ல. கோட் தெரியவேண்டாம். வாரம் அரை மணி, 6 வாரம்.
>
> ஒருவர்: திரையிலுள்ள சொற்களைப் பார்க்க. துருசு, வான், அணைக்கட்டு என்று பேசிப் பழகியவர். மொத்தம் 3 மணி.
>
> கூட்டம் இல்லை, எல்லாம் இஷ்யூவில் எழுத்தில். புல் ரிக்வெஸ்ட்டுக்கு 3 நாளில் பதில். இரண்டு வாரம் உங்களிடமிருந்து செய்தி இல்லாவிட்டால் வேலையை அடுத்தவருக்குக் கொடுப்போம், விளக்கம் கேட்கமாட்டோம். தொடக்கம் ஓகஸ்ட் 1, ஐவர் சேர்ந்ததும் மூடப்படும்.

மூன்று நாளில் பதில் என்று எழுதியிருப்பதால், ஒருவர் ஊரில் இல்லாத வாரத்தில் மற்றவர் பார்ப்பார் என்பதை நடத்தும் இருவரும் முன்கூட்டியே பேசி வைக்கவேண்டும்.