இரவுப் பால் நேரத்துக் கவிதை: 'ஆனாலும்' இல்லாமல் எழுதுவது எப்படி?

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை வரை பால் குடிக்கும். அதில் சில முறை நடு இரவில்தான் வரும். அந்த நேரத்தைப் பற்றி ஒரு தாய் எழுத உட்கார்ந்தால் பெரும்பாலும் கவிதை இப்படித்தான் வந்து விழுகிறது:

உறக்கம் தொலைத்தேன், உடல் சோர்ந்தேன்,
ஆனாலும் உன் முகம் பார்த்ததும்
எல்லாம் மறந்தேன், என் நிலவே.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எந்தத் தாயும் எந்தக் குழந்தைக்கும் எழுதக்கூடிய வரிகள் இவை. 'நிலவே' என்ற சொல்லை மாற்றினால் சரியாகிவிடும் என்று தோன்றும். உண்மையில் பழுது இருப்பது 'ஆனாலும்' என்ற சொல்லில். அது களைப்பை ஒரு பக்கமும் வியப்பை மறுபக்கமும் நிறுத்தி, வியப்பை ஜெயிக்க வைக்கிறது. இரவு மூன்று மணிக்கு அப்படி எதுவும் ஜெயிப்பதில்லை. இரண்டும் ஒரே உடம்பில், ஒரே நேரத்தில் இருக்கின்றன. அதை அப்படியே தாளில் கொண்டுவரும் வழியைப் பார்ப்போம்.

படி 1: இரவில் குறிப்பு மட்டும்

பால் கொடுக்கும்போது கவிதை எழுத வேண்டாம். ஒரு கை குழந்தையைத் தாங்கியிருக்கும், மூளை பாதி தூக்கத்தில் இருக்கும். போனில் குரல் பதிவைத் திறந்து, அந்த நிமிடம் கண்ணிலும் காதிலும் தோலிலும் படுவதைத் துண்டு துண்டாகச் சொல்லுங்கள், போதும். உணர்ச்சிகளுக்குப் பெயர் வைக்காதீர்கள். 'சோர்வாக இருக்கிறது' என்பதைவிட 'இடது தோள் மரத்துவிட்டது' பயன்படும்.

மறுநாள் கேட்கும்போது கைக்குக் கிடைப்பது இந்த மாதிரி இருக்கும்:

- தாகம். தண்ணீர் பாட்டில் மேசை ஓரத்தில், எட்டவில்லை.
- இடது தோள் மரத்துவிட்டது.
- மறு பக்கமும் பால் கசிந்து நைட்டி நனைந்தது.
- விழுங்கும் சத்தம் கேட்கிறது. எண்ணினேன். விட்டுப்போனது.
- இறுகியிருந்த கை மெல்ல விரிந்தது.
- கடைசியாக எந்தப் பக்கம் கொடுத்தேன்?

புட்டியில் கொடுப்பவர்களுக்குக் குறிப்புகள் வேறாக இருக்கும்: மணிக்கட்டில் விட்டுப் பார்த்த சொட்டின் சூடு, புட்டிக்குள் ஏறும் காற்றுக்குமிழ். மற்ற படிகள் எல்லாம் அப்படியே பொருந்தும்.

படி 2: இரண்டையும் சுமக்கும் ஒரு குறிப்பைத் தேடுங்கள்

கவிதை நிற்பதும் விழுவதும் இந்தத் தேர்வில்தான். அதனால் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு குறிப்பையும் எடுத்து, இதில் களைப்பு மட்டும் இருக்கிறதா, வியப்பு மட்டும் இருக்கிறதா, இரண்டும் சேர்ந்து இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

தோள் மரத்தது களைப்பு மட்டும். கை விரிந்தது வியப்பு மட்டும். வயிறு நிறைய நிறைய முஷ்டி தளர்வதைப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், ஆனால் அதில் களைத்த தாய் இல்லை. இவை இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் நடுவில் 'ஆனாலும்' தானாக வந்து உட்கார்ந்துவிடும்.

விழுங்கலை எண்ணி விட்டுப்போனது அப்படியில்லை. எண்ணுவது ஏன்? ஒவ்வொரு மடக்கும் உள்ளே போவதைக் கேட்டுக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது. விட்டுப்போவது ஏன்? கண் சொக்குகிறது. ஒரே செயலில் இரண்டும் இருக்கின்றன. பக்கத்தில் தாகமும் இருக்கிறது. பால் இறங்கும்போது பல தாய்மார்களுக்குச் சட்டென்று தாகம் எடுக்கும். ஒரு தொண்டை காய்கிறது, இன்னொரு தொண்டை விழுங்குகிறது. இதை விளக்க வேண்டியதே இல்லை. இரண்டையும் ஒரே கவிதையில் வைத்தால் போதும்.

ஆக, நமக்கு இரண்டு குறிப்புகள் மட்டும்: எட்டாத தண்ணீர், விட்டுப்போன எண்ணிக்கை.

படி 3: முதல் வரைவு

தண்ணீர் பாட்டில் மேசையின் அந்த ஓரத்தில் இருக்கிறது.
கை நீட்டினால் உன் வாய் நழுவிவிடும், என் செல்லமே.
நீ விழுங்கும் இன்னிசையை
காய்ந்த தொண்டையோடு எண்ணுகிறேன்.
ஏழு வரை எண்ணித் தூங்கிப்போகிறேன்.
களைப்புதான், ஆனாலும்
எத்தனை பெரிய அதிசயம் நீ!

முதல் வரைவு இப்படி வருவதில் தவறில்லை. வாழ்த்து அட்டைச் சொற்கள் வெளியே வந்துவிட்டால்தான் அவற்றை வெட்ட முடியும்.

படி 4: வெட்டுதல்

'இன்னிசை' என்பது அந்தச் சத்தத்தைப் பற்றிய தீர்ப்பு. சத்தம் கேட்கவே இல்லை. அதற்குப் பதில் சத்தத்தையே எழுதுங்கள். குழந்தை முதலில் வேகமாக, மேலோட்டமாக உறிஞ்சும். பால் இறங்கத் தொடங்கியதும் ஒன்றிரண்டு ஆழமான உறிஞ்சலுக்கு ஒரு விழுங்கல் என்று மாறும். போகப்போக நடுவில் இடைவெளி விழும். இந்தத் தாளத்தை வரிகளின் நீளத்திலேயே கொண்டுவரலாம்: விழுங்கலுக்கு ஒரு சொல், ஒரு வரி.

அடுத்து 'நீ', 'என் செல்லமே'. குழந்தையை விளித்தவுடன் குரல் கொஞ்சலுக்குப் போய்விடுகிறது, கொஞ்சல் பழகிய சொற்களைக் கூட்டி வருகிறது. தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும் என்பதால் விளியை எடுத்தாலும் கவிதையில் குழந்தை இருக்கும். 'வாய் நழுவிவிடும்' என்றாலே யார் வாய் என்று தெரிகிறது.

கடைசி இரண்டு வரிகள் விளக்கவுரை. முழுவதும் போகட்டும். 'தூங்கிப்போகிறேன்' என்ற இடத்தில் முடித்தாலும் கூடாது, அங்கே களைப்பு ஜெயித்துவிடுகிறது. அதற்கு அடுத்த நொடியில் நடந்ததை யோசியுங்கள். எண்ணிக்கை விட்டுப்போனதும் அந்தத் தாய் என்ன செய்தாள்? மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

தண்ணீர் பாட்டில்
மேசையின் அந்த ஓரத்தில்.
கை நீட்டினால்
வாய் நழுவிவிடும்.

உறிஞ்சல், உறிஞ்சல்,
மடக்.
நிற்கிறது.
மடக்.

காய்ந்த தொண்டையோடு
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
ஐந்து. ஆறு. ஏழு.

எங்கே விட்டேன்?

மடக்.
ஒன்று.

'கண் சொக்குகிறது' என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று தோன்றும். வேண்டாம். 'எங்கே விட்டேன்?' என்பதற்கு மேலே உள்ள வெற்றிடமே அந்தத் தூக்கம். அப்புறம், 'ஏழு' என்ற எண் குறிப்பில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். எந்த எண்ணும் இங்கே நிற்கும். நூறு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்; அது அலங்காரம் ஆகிவிடும்.

படி 5: சோதனை

வாய்விட்டு மெதுவாகப் படியுங்கள். மடக் என்ற இடங்களில் குரல் தானாக நின்றால் வரிமுறிவு சரி. ஓடிப்போனால் அங்கே வரி நீண்டிருக்கிறது. பிறகு, கவிதையை அறிந்தவர் ஒருவரிடம் கொடுத்து, இந்தத் தாய் களைத்திருக்கிறாளா, வியக்கிறாளா என்று மட்டும் கேளுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் முடிவு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். நான்காம் படிக்குத் திரும்புங்கள். எதைச் சொல்வது என்று அவர் திணறினால் கவிதை முடிந்தது.

மிச்சக் குறிப்புகளை அழித்துவிடாதீர்கள். கை விரிந்த குறிப்புக்கு ஒரு துணை வேண்டும். அடுத்த இரவுகளில் உங்கள் சொந்தக் கையைப் பற்றி ஏதாவது கிடைக்கிறதா என்று பதிவில் தேடுங்கள்: மரத்த விரல், நழுவிய போன், போர்வையைப் பிடித்தபடியே தளர்ந்துபோன பிடி.