ஷூ கம்பெனிக்கு ஆள் எடுக்க கேப்ஷன் எழுதுவது எப்படி?

"ஆட்கள் தேவை. நல்ல சம்பளம். வேலூர் அருகில். உடனே அழைக்கவும்."

ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கும் தெரிந்தவரின் யூனிட்டுக்கு நான் முதன்முதலில் எழுதிய கேப்ஷன் இதுதான். நாள் முழுக்க போன் அடித்தது. டிகிரி முடித்தவர்கள், டிரைவர்கள், பிளவுஸ் தைப்பவர்கள் என்று எல்லோரும் பேசினார்கள். போஸ்ட் மிஷின் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. தப்பு என்னுடையதுதான்.

முதலில் வேலையின் பெயர். "டெய்லர்" என்று மட்டும் போட்டால் வீட்டில் துணி தைப்பவரும் வருவார். போஸ்ட் மிஷினில் தைக்கும் இடம் தூண் மாதிரி உயர்ந்து நிற்கும். வளைந்த அப்பரை அதன்மேல் திருப்பித் திருப்பித் தைக்க வேண்டும். பிளாட் மிஷினில் பழகிய கைக்கு அது உடனே வராது. அதனால் மிஷின் பெயரையே போடுங்கள். தொழில் தெரிந்தவர் அந்த ஒரு வார்த்தையிலேயே நின்றுவிடுவார்.

அடுத்து இடம். இதில்தான் நம் பக்கத்தில் குழப்பம் அதிகம். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் போய்விட்டன. ஆனாலும் பேச்சில் எல்லாமே "வேலூர் பக்கம்"தான். குடியாத்தத்திலிருந்து வருகிறவருக்கு ஆம்பூரும் மேல்விஷாரமும் ஒன்றா? ஊர்ப் பெயரையும் எந்த பஸ்ஸில் வரலாம் என்பதையும் எழுதுங்கள்.

மூன்றாவது, விண்ணப்பிக்கும் வழி. ஒரே வழி போதும். வாட்ஸ்அப் என்றால் என்ன அனுப்ப வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் "ஹாய்" மட்டும்தான் வரும். இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் லிங்க்கைத் தட்டினால் திறக்காது. அங்கே எண்ணையே போடுங்கள். ஃபேஸ்புக்கில் கீழே உள்ள மாதிரி லிங்க் வேலை செய்யும். 91க்கு முன்னால் + வேண்டாம், 0 வேண்டாம்.

இப்போது அதே கேப்ஷன், திருத்திய பிறகு:

```
போஸ்ட் மிஷின் டெய்லர் 4 பேர் தேவை – மேல்விஷாரம்
ஷூ அப்பர் தையல். 1 வருட அனுபவம் அவசியம்.
காலை 9 – மாலை 6. ஞாயிறு லீவு.
சம்பளம் ₹15,000 – ₹17,000. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு.
வேலூர் – ஆற்காடு பஸ்ஸில் வரலாம்.
பெயர், ஊர், எந்த மிஷின், எத்தனை வருடம் என்று
20ஆம் தேதிக்குள் வாட்ஸ்அப் செய்யவும்:
https://wa.me/91XXXXXXXXXX
பணம் எதுவும் கட்டத் தேவையில்லை.
```

வேலையையும் ஊரையும் முதல் வரியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இன்ஸ்டாகிராமில் தொடக்கம் மட்டும்தான் கண்ணில் படும்; மீதியைப் படிக்க more தட்ட வேண்டும். படத்தை மட்டும் யாராவது குரூப்பில் போட்டுவிடுவார்கள் என்பதால் அந்த வரியையும் எண்ணையும் படத்திலும் எழுதிவிடுங்கள்.

சம்பளம் போட முதலாளிகள் தயங்குவார்கள். போடாவிட்டால் வருகிற முதல் கேள்வியே அதுதான். கடைசி வரியும் சும்மா இல்லை: டெபாசிட் கேட்டு ஏமாற்றும் விளம்பரங்களைப் பார்த்துப் பயந்தவர்கள் அதைத்தான் தேடுவார்கள்.

கேப்ஷன் போட்ட அன்று வருகிற மெசேஜ்களைப் பாருங்கள். பாதிப் பேர் "பிளாட் மிஷின் ஓகேவா?" என்று கேட்டால், "பிளாட் மிஷின் மட்டும் தெரிந்தவர்களுக்கு இப்போது இடமில்லை" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நான்கு பேரும் கிடைத்ததும் முதல் வரியை "இடம் நிரம்பியது" என்று மாற்றிவிடுங்கள். போட்ட பிறகும் கேப்ஷனைத் திருத்தலாம்.