"உடம்பு சரியில்ல மிஸ், ஹோம்வொர்க் அனுப்பவும்": லீவு மெசேஜில் பெற்றோர் விடுகிற கோட்டைகள்

போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 10.40க்கு என் போனுக்கு இப்படி ஒரு மெசேஜ் வந்தது.

"மிஸ் பையனுக்கு உடம்பு சரியில்ல. நாளைக்கு வரமாட்டான். ஹோம்வொர்க் அனுப்பவும்."

அவ்வளவுதான். நம்பர் என் போனில் சேவ் ஆகாத நம்பர். பேர் தெரியுமா என்று டிபியைப் பார்த்தால் தங்கக் குதிரையில் கள்ளழகர். சித்திரைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கும்போதே என் வகுப்புப் பெற்றோரில் பாதிப் பேர் டிபியில் அழகர் ஏறிவிடுவார், அதை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. மதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் அஞ்சாம் வகுப்புக்கு நான் கிளாஸ் டீச்சர், என்னிடம் 43 பிள்ளைகள். மறுநாள் காலையில் அட்டென்டன்ஸ் எடுக்கும்போது நாலு பேர் வரவில்லை, அதில் மூன்று பேர் பையன்கள். மூன்றில் ஒருவன் மெசேஜ் அனுப்பின அழகர் வீட்டுப் பிள்ளை. யார் என்று தெரிய எனக்குப் புதன்கிழமை ஆகிவிட்டது.

அதனால் முதல் தவறு பேர் இல்லாமல் அனுப்புவது. "என் நம்பர் மிஸ்ஸிடம் இருக்கும்" என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்பா நம்பர் இருக்கும், மெசேஜ் அம்மா நம்பரிலிருந்து வரும், இல்லையென்றால் சித்தப்பா போனிலிருந்து. பிள்ளை பேர், இனிஷியல், வகுப்பு, பிரிவு. இந்த நாலும் முதல் வரியிலேயே இருக்கட்டும், ஒரே வகுப்பில் மூன்று கவின் படிக்கிற காலம் இது.

இதைவிடப் பெரிய தவறு "உடம்பு சரியில்ல" என்கிற வார்த்தை. அந்தப் பையனுக்கு வந்திருந்தது அம்மை. புதன்கிழமை, அதே தெருவிலிருந்து வருகிற இன்னொரு பிள்ளைதான் "அவங்க வீட்டு வாசல்ல வேப்பிலை கட்டியிருக்கு மிஸ்" என்று சொன்னாள். அப்போதுதான் எனக்குப் பக்கென்றது. எங்கள் பள்ளியில் ஒரு மிஸ் ஐந்து மாதக் கர்ப்பிணி, முந்தைய வெள்ளிக்கிழமை என் வகுப்புக்கு வந்து இரண்டு பீரியட் கணக்கு எடுத்துவிட்டுப் போயிருந்தார். சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அடுத்தவருக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும். பையனுக்கு ஞாயிறு கொப்புளம் என்றால் வெள்ளிக்கிழமையே சந்தேகத்துக்குரிய நாள்தான். அந்த மிஸ்ஸுக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்ததால் டாக்டர் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மையே வராதவராக, தடுப்பூசியும் போடாதவராக இருந்திருந்தால் கதை வேறு. கர்ப்பிணிக்கு அது ஆபத்து, நாள் கடத்தாமல் டாக்டரைப் பார்த்தால்தான் ஏதாவது செய்ய முடியும். மூன்று நாள் போனது ஒரு வார்த்தையை எழுதாததால்.

ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை, காரணம் தெரிந்ததுதான். நம்ம பக்கம் "அம்மா வந்திருக்கா" என்று சொல்வோம், அதைப் போனில் டைப் அடிக்க ஒரு தயக்கம் இருக்கும். அப்புறம் மற்ற வீட்டில் என்ன சொல்வார்கள் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான், அதனால்தான் சொல்கிறேன், வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், டீச்சருக்குத் தனியாக அனுப்புங்கள். குரூப்பில் போட்டால் "என் பொண்ணு பக்கத்துல உட்கார்ந்தாளே" என்று பத்து நிமிஷத்தில் நாற்பது மெசேஜ் விழும், திரும்பி வருகிற பிள்ளையை மற்றவர்கள் தள்ளி உட்காரச் சொல்வார்கள். தனியாக வந்தால் பிள்ளை பேரை வெளியே சொல்லாமலே "வகுப்பில் ஒருவருக்கு அம்மை, உங்கள் பிள்ளையை அடுத்த மூன்று வாரம் கவனியுங்கள்" என்று நாங்களே எல்லாருக்கும் சொல்லிவிடுவோம். மூன்று வாரம் என்பது, தொற்றியதிலிருந்து வெளியே தெரிய 10 முதல் 21 நாள் வரை ஆகலாம் என்பதால்.

சாதாரணச் சளி, வயிற்றுப்போக்கு என்றால் இவ்வளவு விவரம் வேண்டியதில்லை. ஒட்டக்கூடிய நோயா, இல்லையா, டாக்டர் என்ன சொன்னார், எந்த நாளில் ஆரம்பித்தது, இந்த அளவு போதும். மருந்துச் சீட்டை நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் வேண்டாம்.

எப்போது திரும்பி வருவான் என்பதை விட்டுவிடுவது அடுத்தது. அம்மையில் இதில் ஒரு சிக்கல் உண்டு. டாக்டர் கணக்கு வேறு, வீட்டுப் பெரியவர்கள் கணக்கு வேறு. புதுக் கொப்புளம் வராமல், இருக்கிற எல்லாமே காய்ந்து பக்குக் கட்டியாக வேண்டும், அதற்குப் பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு நாள் ஆகும். அப்புறம் பள்ளிக்கு அனுப்பலாம், பக்கு உதிர்கிற வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் மூன்று தண்ணி ஊற்றின பிறகுதான் வாசலைத் தாண்டலாம் என்பார்கள், அது இன்னும் சில நாள் கூடும். எந்தக் கணக்கில் போகிறீர்கள் என்பது உங்கள் விருப்பம், டீச்சருக்கு வேண்டியது ஒரு தேதி. "18-ம் தேதி புதன் வருவான், மாறினால் சொல்கிறேன்" என்று ஒரு வரி இருந்தால் நான் டெஸ்டை எப்போது வைக்கலாம் என்று யோசித்துக்கொள்வேன்.

இனி ஹோம்வொர்க். "ஹோம்வொர்க் அனுப்பவும்" என்றால் என்ன அனுப்புவது? ஏழு நாள், அஞ்சு பாடம், நான் என்ன முப்பத்தைந்து போட்டோ எடுத்தா அனுப்ப முடியும்? (ஒருமுறை எடுத்தேன். அதில் பாதியைத் தலைகீழாக எடுத்திருந்தேன் என்று அந்த அம்மாவே போன் போட்டுச் சொன்னார்.) ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், விட்டுப்போனதில் இரண்டு வகை இருக்கிறது. நோட்டில் எழுதிய கேள்வி பதில், அகராதிச் சொல், கணக்குப் பயிற்சி இதெல்லாம் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை வீட்டில் கேட்டால் போட்டோவாக வந்துவிடும். டீச்சரிடம்தான் கேட்க வேண்டியது மார்க் சம்பந்தப்பட்டது.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் அஞ்சாம் வகுப்புக்கு ஒவ்வொரு பருவத்திலும் 100-க்கு 60தான் பருவத்தேர்வு. மீதி 40 வளரறி மதிப்பீடு, பிள்ளைகள் வாயில் எஃப்.ஏ. அதில் 20 செயல்பாட்டுக்கு, அதாவது சார்ட், ஆல்பம், பேசிக் காட்டுவது மாதிரி. இன்னொரு 20 சின்னச் சின்ன எழுத்துத் தேர்வுக்கு. பிள்ளை வராத வாரத்தில் இந்தத் தேர்வில் ஒன்றோ, சார்ட் கொடுக்கிற கடைசி நாளோ வந்திருந்தால் அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். வீட்டுப்பாடம் எழுதாமல் போனால் பெரிதாக ஒன்றும் ஆகாது, இந்தத் தேர்வு விட்டுப்போய், அதைத் திரும்ப எழுத வைக்கச் சொல்லி யாரும் கேட்காமலும் விட்டால் மார்க் காலியாக நிற்கும். பெற்றோர் கேட்டால் பெரும்பாலான டீச்சர்கள் பிள்ளை வந்த பிறகு தனியாக உட்கார வைத்து எழுத வைப்போம்.

அந்தப் பையன் அம்மா இப்படி அனுப்பியிருந்தால் எனக்கு இரண்டே நிமிஷ வேலை:

"வணக்கம் மிஸ். கவின் எஸ்., 5 பி, அவனோட அம்மா எழுதுறேன். கவினுக்கு சின்னம்மை, ஞாயிறு (8-ம் தேதி) சாயங்காலம்தான் கொப்புளம் தெரிஞ்சது. வெள்ளிக்கிழமை ஸ்கூலுக்கு வந்திருந்தான், அதனால உங்களுக்குத் தெரியணும்னு சொல்றேன். மத்தவங்க கிட்ட அவன் பேரைச் சொல்லாம இருந்தா நல்லது. 18-ம் தேதி புதன் வருவான், தள்ளிப்போனா முன்னாடியே சொல்றேன். இந்த வாரம் அவனால உட்கார்ந்து எழுத முடியாது. 13-ம் தேதி சாயங்காலம் ஹோம்வொர்க் பத்திக் கேட்கிறேன் மிஸ்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஸ்கூல் விட்டு ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது:

"மிஸ், கவின் இப்போ பரவாயில்ல. நோட்ஸ் அவன் ஃபிரண்டு வீட்டுல வாங்கிக்கிறேன். எனக்கு மூணு விஷயம் மட்டும் சொல்லுங்க. 9-ல இருந்து இன்னைக்கு வரைக்கும் எஃப்.ஏ. டெஸ்ட் ஏதாவது நடந்துச்சா, அவன் வந்ததும் எழுத முடியுமா? சார்ட், ஆல்பம் மாதிரி கொடுக்க வேண்டியது இருக்கா, கடைசி தேதி என்ன? கணக்குல எந்தப் பாடம் நடக்குது? முடியும்போது சொன்னா போதும் மிஸ்."

இரண்டையும் ஒரே மெசேஜில் திணிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் நாளே ஹோம்வொர்க் கேட்டால் நான் அனுப்புவேன், காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை அதை எழுதப்போவதில்லை, நாலு நாளில் அந்த மெசேஜ் எங்கேயோ மேலே போய்விடும், நீங்கள் திரும்பவும் கேட்பீர்கள். அப்புறம் "அனுப்பவும்" என்பது ஆபீஸ் சுற்றறிக்கை பாஷை. "சொல்லுங்க மிஸ்" என்று எழுதினால் அதுவே மரியாதைதான், அதற்கு மேல் கையெடுத்துக் கும்பிடுகிற எமோஜி பன்னிரண்டு தேவையில்லை. வாய்ஸ் மெசேஜும் வேண்டாம். வகுப்பில் 43 காது இருக்கிறது, நான் அதைப் போட்டுக் கேட்க முடியாது.

பொய் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பாண்டி கோயிலில் கெடா வெட்டு, மொட்டை, காது குத்து என்றால் அப்படியே எழுதுங்கள், யாரும் கோபிக்கப்போவதில்லை, எங்கள் வீட்டிலும் கெடா வெட்டு உண்டு. "கடும் காய்ச்சல்" என்று மெசேஜ் போட்டுவிட்டு மூன்றாம் நாள் மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் பிள்ளையை அனுப்பினால் நான் என்ன செய்வது? அவன் முதல் பீரியடிலேயே எத்தனை கெடா, எத்தனை பந்தி, மாமா என்ன மோதிரம் போட்டார் என்று மொத்த வகுப்புக்கும் சொல்லிவிடுவான். அடுத்த முறை நிஜமாகவே காய்ச்சல் வரும்போது உங்கள் மெசேஜை நான் ஒரு நொடி யோசித்துத்தான் படிப்பேன், அதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

கடைசியாக, மெசேஜ் அனுப்பிவிட்டோம் என்று லீவு லெட்டரை விட்டுவிடாதீர்கள். மெசேஜ் என் போனில் கிடக்கும். தொடர்ந்து பல நாள் லீவு என்றால் பள்ளியில் காகிதத்தில் கேட்பார்கள், அம்மை மாதிரி என்றால் டாக்டர் சீட்டும் சேர்த்து. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன காரணம், பெற்றோர் கையெழுத்து, நாலு வரி போதும். பிள்ளை வருகிற அன்றைக்கே டைரிக்குள் வைத்து அனுப்புங்கள், கையெழுத்தை மறக்காமல் நீங்களே போடுங்கள். போன வருஷம் ஒரு லெட்டர் வந்தது, கீழே அப்பா கையெழுத்து, அதில் அப்பா பேரிலேயே ஒரு எழுத்துப்பிழை. எழுதினவன் முன் பெஞ்சில் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.