ரிங் கவுண்டரும் ஜான்சன் கவுண்டரும்: நிலைகளை எண்ணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கு D ஃபிளிப்-ஃபிளாப்புகளை A, B, C, D என்று வரிசையாக இணைத்து, கடைசியான D-யின் வெளியீட்டை அப்படியே A-யின் உள்ளீட்டுக்குத் திருப்பிவிட்டால் ரிங் கவுண்டர் கிடைக்கிறது. அதே வெளியீட்டைத் தலைகீழாக்கித் திருப்பிவிட்டால், முறுக்கு வளைய கவுண்டர் என்றும் ஜான்சன் கவுண்டர் என்றும் வழங்கப்படும் சுற்று கிடைக்கிறது. இரண்டுக்கும் இடையே மாறுவது ஒரே ஓர் இணைப்புதான் என்பதாலேயே, ஒன்றின் இயல்பை மற்றொன்றின் மீது ஏற்றிவிடும் தவறுகள் அடிக்கடி நேர்கின்றன.

முதல் தவறு, நான்கு ஃபிளிப்-ஃபிளாப்புகள் இருப்பதால் 16 நிலைகள் என்று எழுதிவிடுவது. 2^n என்பது அந்த ஃபிளிப்-ஃபிளாப்புகள் ஏற்கக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை. கவுண்டர் உண்மையில் சுற்றிவரும் நிலைகள் அதைவிடக் குறைவு. ரிங் கவுண்டர் n நிலைகளையும் ஜான்சன் கவுண்டர் 2n நிலைகளையும் மட்டுமே பயன்படுத்துகின்றன. ABCD என்ற வரிசையில் எழுதினால் அவற்றின் சுழற்சி இவ்வாறு அமையும்:

```
ரிங்:    1000 → 0100 → 0010 → 0001 → 1000
ஜான்சன்: 0000 → 1000 → 1100 → 1110 → 1111
         → 0111 → 0011 → 0001 → 0000
```

ரிங் கவுண்டரில் 12 நிலைகளும் ஜான்சனில் 8 நிலைகளும் பயன்படாமல் கிடக்கின்றன. ஃபிளிப்-ஃபிளாப்புகளைக் கூட்டக் கூட்ட இந்த வீணடிப்பு வேகமாக வளரும்: எட்டு ஃபிளிப்-ஃபிளாப்புகள் கொண்ட ரிங் கவுண்டர் 256 நிலைகளில் 248-ஐத் தொடுவதே இல்லை. ஜான்சன் கவுண்டர் எல்லா நிலைகளையும் பயன்படுத்துவது n ஒன்றாகவோ இரண்டாகவோ இருக்கும்போது மட்டுமே. n மூன்றானவுடன் 010, 101 என்ற இரண்டு நிலைகள் வெளியே நின்றுவிடுகின்றன.

அப்படி வெளியே நிற்பவை அங்கேயே சும்மா இருக்கும் என்று கொள்வது இரண்டாவது தவறு. என் கருத்தில் இதுவே எல்லாவற்றிலும் பெரியது. மின்சாரம் வந்த கணத்தில் ஒவ்வொரு ஃபிளிப்-ஃபிளாப்பும் 0-விலோ 1-இலோ நிற்கும். எதில் நிற்கும் என்று நாம் சொல்ல முடியாது. அதனால் பயன்படாத நிலை ஒன்றிலிருந்தே கவுண்டர் ஓடத் தொடங்கலாம். ரிங் கவுண்டர் பிட்டுகளைச் சுழற்றுகிறதே தவிர, புதிதாக ஒரு 1-ஐ உண்டாக்குவதும் இல்லை, இருக்கும் 1-ஐ அழிப்பதும் இல்லை. எனவே 0000-இல் தொடங்கினால் 0000-இலேயே நிற்கும். 1100-இல் தொடங்கினால் இரண்டு 1-கள் முடிவின்றிச் சுற்றும். 1010-இல் தொடங்கினால் 1010, 0101 என்ற இரண்டு நிலைகளுக்கிடையே மாறி மாறிக் கிடக்கும். 16 நிலைகளையும் வரைந்து பார்த்தால் ஒன்றோடொன்று தொடர்பற்ற ஆறு சுழற்சிகள் தெரியும். நமக்கு வேண்டியது அவற்றுள் ஒன்றுதான்.

இதிலிருந்தே தொடக்க நிலையைப் பற்றிய குழப்பமும் தீர்கிறது. ரிங் கவுண்டரில் எல்லா ஃபிளிப்-ஃபிளாப்புகளையும் கிளியர் செய்வது, தொடங்குவதற்கு முன்பே அதை நிறுத்திவிடுவதாகும். ஒன்றை பிரீசெட் செய்து மற்றவற்றை மட்டும் கிளியர் செய்ய வேண்டும். ஜான்சன் கவுண்டரிலோ 0000 முறையான நிலை என்பதால் எல்லாவற்றையும் கிளியர் செய்வதே சரி.

ஜான்சன் கவுண்டர் 0000-இலிருந்து தானாக எழுந்துவிடுகிறது என்பதைக் கண்டு, அது எந்த நிலையிலிருந்தும் தானே சரியாகிவிடும் என்று எழுதுவோரும் உண்டு. அது தவறு என்பதை ஒரு நிலையைத் தொடர்ந்து சென்றாலே அறியலாம். 0100-ஐ எடுத்துக்கொள்வோம். D இப்போது 0. அதன் தலைகீழான 1 A-க்குள் நுழைய, மற்றவை ஓரிடம் வலப்பக்கம் நகர்ந்து 1010 ஆகும். இப்படியே தொடர்ந்தால்:

```
0100 → 1010 → 1101 → 0110 → 1011
→ 0101 → 0010 → 1001 → 0100
```

பயன்படாத எட்டு நிலைகளும் சேர்ந்து தமக்கென்று ஒரு தனிச் சுழற்சியை அமைத்துக்கொள்கின்றன. இதன் நீளமும் எட்டு கிளாக் துடிப்புகளே என்பதுதான் ஏமாற்றுகிறது: எத்தனை துடிப்புக்கு ஒருமுறை வரிசை திரும்புகிறது என்று மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தோன்றும். ஆஸிலோஸ்கோப்பில் A-யின் அலைவடிவத்தைப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். முறையான சுழற்சியில் A நான்கு துடிப்புகளுக்கு 1 ஆகவும் அடுத்த நான்குக்கு 0 ஆகவும் சீராக இருக்கும். தவறான சுழற்சியில் அதே எட்டுத் துடிப்புக் காலத்துக்குள் A மூன்று முறை 1-க்கு ஏறி இறங்கும்.

நிலைகளைப் பிரித்தறியும் டிகோடரிலும் இதே கோளாறு வெளிப்படும். ஜான்சன் கவுண்டரின் ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஓர் AND கேட் போதும்: 1000-க்கு AB', 1100-க்கு BC', 1111-க்கு AD என்றவாறு. நான்கு உள்ளீட்டு கேட் வேண்டும் என்று வரைவது தேவையற்ற செலவு. ஆனால் இந்தச் சிக்கனம், கவுண்டர் முறையான எட்டு நிலைகளுக்குள்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. 0101 என்ற தவறான நிலையில் BC', A'B, C'D ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் 1 ஆகின்றன. மற்ற ஏழு தவறான நிலைகளிலும் இப்படியே மூன்று வெளியீடுகள் ஒன்றாக எழும். ஒரே நேரத்தில் மூன்று எல்இடிகள் எரிந்தால் கேட்டுகளைக் குறை சொல்வதற்கு முன் கவுண்டரின் நிலையைச் சரிபார்க்க வேண்டும்.

ஃபிளிப்-ஃபிளாப்புகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து இவ்விரண்டையும் ஒப்பிடுவதும் முழுமையாகாது. எட்டு தனித்தனி வெளியீடுகள் வேண்டுமென்றால் ரிங் கவுண்டருக்கு எட்டு ஃபிளிப்-ஃபிளாப்புகள் தேவை, டிகோடர் தேவையில்லை. ஜான்சனுக்கு நான்கு ஃபிளிப்-ஃபிளாப்புகளும் எட்டு சிறிய கேட்டுகளும் தேவை. பலரும் எல்இடி ஓட்டத்துக்குப் பயன்படுத்தும் 4017 ஐசி ஐந்து ஃபிளிப்-ஃபிளாப்புகள் கொண்ட ஜான்சன் கவுண்டரே. அதன் பத்து வெளியீடுகளும் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்து அதைப் பத்து ஃபிளிப்-ஃபிளாப் ரிங் கவுண்டர் என்று நினைத்துக்கொள்வது எளிது.

தவறான நிலையில் சிக்காமலிருக்க, சுற்றிலேயே திருத்தம் சேர்க்கலாம். ரிங் கவுண்டரில் A-க்கு D-யைத் திருப்புவதற்குப் பதிலாக A, B, C மூன்றின் NOR-ஐக் கொடுத்தால், முதல் மூன்றும் 0 ஆகும் வரை புதிய 1 நுழையாது. எந்த நிலையிலிருந்தும் மூன்று துடிப்புகளுக்குள் சரியான சுழற்சி வந்துவிடும். ஜான்சனில் C-யின் உள்ளீடான DC-ஐ B என்பதிலிருந்து இப்படி மாற்றுவது வழக்கம்:

```
DC = (A + C)·B
```

A, C இரண்டும் 0 ஆகவும் B மட்டும் 1 ஆகவும் இருக்கும்போதுதான் இது வேறு விடை தரும். முறையான எட்டு நிலைகளில் எதுவும் அப்படி இல்லாததால் வழக்கமான ஓட்டம் மாறுவதில்லை. 0100 அடுத்த துடிப்பில் 1000 ஆகிறது, 0101 அடுத்த துடிப்பில் 0000 ஆகிறது. ஆனால் 1010-இல் தொடங்கினால் 1101, 0110, 1011, 0101 ஆகியவற்றைக் கடந்து 0000-ஐ அடைய ஐந்து துடிப்புகள் ஆகும். அதற்குள் மூன்று மூன்றாக வெளியீடுகள் எழுந்துகொண்டே இருக்கும். அந்த வெளியீடுகள் ரிலேக்களையோ மோட்டாரின் சுருள்களையோ இயக்குபவையாக இருந்தால், இந்தத் திருத்தத்தோடு தொடக்க ரீசெட்டும் இருந்தாக வேண்டும்.